வாந்தி எடுக்கும் நாளில் ஸ்டீராய்டு மாத்திரையை என்ன செய்வது?

"என் அம்மாவுக்கு 61 வயது. முடக்குவாதத்துக்காக ஆறு வருடமாகத் தினமும் 5 மி.கி. பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறார். போன மாதம் காய்ச்சலும் வாந்தியும் வந்தன. தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், வெறும் வயிற்றுக்கும் ஆகாது என்று நாங்களே இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் மயங்கி விழுந்தார். பி.பி. 70. மருத்துவமனையில் ஏதோ ஒரு ஊசி போட்டார்கள், சில மணி நேரத்தில் எழுந்து பேசினார். இனிமேல் காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும் என்கிறார்கள். தொற்று நேரத்தில் அப்படிச் செய்வது சரியா? வாந்தி எடுப்பவருக்கு எப்படி மாத்திரை கொடுப்பது?"

அன்புள்ள சகோதரிக்கு,

சரிதான். உங்களுக்கு அப்படிச் சொன்ன மருத்துவரின் பேச்சைக் கேளுங்கள். நீங்கள் மாத்திரையை நிறுத்தியது அக்கறையால்தான், அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஸ்டீராய்டைப் பற்றி எல்லோரும் கேள்விப்படுவது அதன் பக்கவிளைவுகளைத்தான். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மாத்திரையை எழுதிக் கொடுக்கும் நாங்களும் பல நேரம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் அட்ரினல் என்ற சிறிய சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அது தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடாமல் இருக்கவும், ரத்தத்தில் சர்க்கரை தாழாமல் இருக்கவும் அது வேண்டும். எவ்வளவு சுரக்க வேண்டும் என்ற உத்தரவு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து தினமும் பிரெட்னிசோலோன் உள்ளே போனால், 'போதுமான அளவு இருக்கிறதே' என்று பிட்யூட்டரி உத்தரவு அனுப்புவதைக் குறைத்துவிடும். உத்தரவு வராத அட்ரினல் மெல்ல மெல்லச் சுருங்கிப்போகும். ஒரு நாளைக்கு 5 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோனை நான்கு வாரத்துக்கு மேல் எடுக்கிற யாருக்கும் இது நடந்திருக்கலாம் என்று நினைத்துத்தான் நாங்கள் நடந்துகொள்கிறோம். ஆறு வருடம் எடுத்தவர் என்றால் கட்டாயம் அப்படி நினைத்தே நடந்துகொள்ள வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நோயில்லாத ஒரு சாதாரண நாளில் உடல் தானாகச் சுரக்கும் கார்டிசாலை மாத்திரையாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ 3 முதல் 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். அதாவது அம்மா சாப்பிடும் 5 மி.கி., ஒரு சாதாரண நாளை ஓட்டுவதற்கான அளவுதான். ஆரோக்கியமான ஒருவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தால், அவருடைய அட்ரினல் அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கார்டிசாலைச் சுரக்கும். அந்தக் கூடுதல் இல்லாமல் உடலால் தொற்றைத் தாங்க முடியாது. அம்மாவின் அட்ரினலால் அந்தக் கூடுதலைத் தர முடியாது, அதனால் நாம் மாத்திரையாகக் கொடுக்கிறோம். எதிர்ப்பு சக்தி குறையும் என்ற பயம் அதிக அளவில் நீண்ட நாள் எடுப்பவர்களைப் பொறுத்தவரை நியாயமானதுதான். ஆனால் காய்ச்சலின்போது இரண்டு மூன்று நாள் கூட்டிக் கொடுப்பது அந்தக் கணக்கில் சேராது. நல்ல உடம்பாக இருந்தால் தானாகவே சுரந்திருக்கும் அளவைத்தான் கொடுக்கிறோம்.

வாந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் வாந்தியை மாத்திரை வயிற்றில் தங்காமல் செய்யும் ஒரு தொல்லையாக மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் கார்டிசால் குறைந்தாலே குமட்டலும் வாந்தியும் வரும். ஆக, ஒரு வயிற்றுத் தொற்றால் வாந்தி தொடங்குகிறது. மாத்திரை வெளியே வந்துவிடுகிறது, அல்லது வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். கார்டிசால் இறங்குகிறது. அந்த இறக்கமே வாந்தியை இன்னும் கூட்டுகிறது. இந்தச் சுழலுக்குள் போய்விட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'வயிற்றுக் கோளாறு இன்னும் தீரவில்லை' என்று மட்டும்தான் தோன்றும். தொற்று எப்போதோ அடங்கியிருக்கும், வாந்தி மட்டும் நிற்காது. அட்ரினல் நெருக்கடி என்று நாங்கள் சொல்வது இந்த நிலையின் கடைசிக் கட்டத்தை. கார்டிசால் இல்லாத ரத்தக் குழாய்கள் அட்ரினலின் போன்ற ஹார்மோன்களின் கட்டளைக்குச் சரியாகக் கட்டுப்படாது. அதனால்தான் பி.பி. சரிகிறது.

பல வருடங்களுக்கு முன் இரவுப் பணியில் நான் பார்த்த ஒரு அம்மையாரை இன்றும் மறக்க முடியவில்லை. இரண்டு நாளாக வாந்தி, வயிற்று வலி, லேசான காய்ச்சல். வயிற்றுத் தொற்று என்று முடிவு செய்து சலைன் ஏற்றினோம், வாந்தியை நிறுத்தும் ஊசி போட்டோம். பி.பி. 80இலிருந்து 95க்கு ஏறியது. நிம்மதியாக அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மறுபடி 80. இன்னும் சலைன், மறுபடி கொஞ்சம் ஏற்றம், மறுபடி இறக்கம். ரத்தச் சோதனையில் சோடியம் 124, அதாவது நன்றாகக் குறைந்திருந்தது. சர்க்கரை 58. அவர் நீரிழிவு நோயாளி இல்லை, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எதுவும் எடுக்கவும் இல்லை. அப்புறம்தான் அவருடைய மகனிடம் 'வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுவார்?' என்று உட்கார்ந்து விசாரித்தேன். ஆஸ்துமாவுக்கு எத்தனையோ வருடமாக ஒரு சின்ன மாத்திரை சாப்பிடுகிறார், வாந்தி எடுப்பதால் இரண்டு நாளாகக் கொடுக்கவில்லை என்றார். அது பிரெட்னிசோலோன். 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோனை நரம்பில் போட்டோம். விடிவதற்குள் பி.பி. 110இல் நின்றது, வாந்தியும் நின்றிருந்தது. மாத்திரையைப் பற்றி நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் அந்த அம்மையார் சில மணி நேரம் ஆபத்தின் விளிம்பில் கிடந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, சலைனுக்கு ஏறி ஏறி இறங்கிய அந்த பி.பி.தான். வெறும் நீர்ச்சத்துக் குறைவாக இருந்தால் சலைன் ஏற்றியதும் தேறி, அப்படியே நின்றிருக்கும். பலர் இதில் பொட்டாசியம் கூடும் என்று படித்திருப்பார்கள். அது அட்ரினல் சுரப்பியே கெட்டுப்போகும் அடிசன் நோயில்தான் நடக்கும். உங்கள் அம்மாவைப் போல மாத்திரையால் அட்ரினல் தூங்கிப்போனவர்களுக்கு, உப்பைக் காக்கும் இன்னொரு ஹார்மோன் தொடர்ந்து சுரப்பதால் பொட்டாசியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்து 'அட்ரினல் பிரச்சினை இல்லை' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

சரி, வீட்டில் என்ன செய்வது? அம்மாவின் அளவை வைத்தே சொல்கிறேன். இதை அவருடைய மருத்துவரிடம் காட்டி, அவர் கையால் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரின் மாத்திரையும் அளவும் வேறு.

ஒரு நாள் காலையில் அம்மாவுக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொடுகிறது, அல்லது ஆன்டிபயாடிக் தேவைப்படும் அளவுக்கு ஒரு தொற்று என்று வைத்துக்கொள்வோம். வாந்தி இல்லை. அன்று காலை வழக்கமான 5 மி.கி., மாலையில் இன்னொரு 5 மி.கி. காய்ச்சல் இருக்கும்வரை, ஆன்டிபயாடிக் ஓடும்வரை இப்படியே தொடர வேண்டும். காய்ச்சல் மட்டும் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். முடிந்ததும் நேராகப் பழைய 5 மி.கி.க்கே திரும்பிவிடலாம். சில நாள் மட்டுமே கூட்டியதால், படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்று நாளில் தேறவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். காய்ச்சல் இல்லாத சாதாரண சளிக்கும் தலைவலிக்கும் கூட்ட வேண்டாம். தேவையில்லாமல் அடிக்கடி கூட்டுவதும் உடம்புக்கு நல்லதல்ல. பிரெட்னிசோலோனுக்குப் பதில் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் அளவை இரட்டிப்பாக்குவார்கள், காய்ச்சல் 102க்கு மேல் போனால் மூன்று மடங்கு. ஏற்கெனவே நாளுக்கு 10 மி.கி.க்கு மேல் பிரெட்னிசோலோன் எடுப்பவருக்கு அந்த அளவே பெரும்பாலும் போதும், அதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்வோம். அவர்களும் ஒரு வேளையைக்கூடத் தவறவிடக் கூடாது. சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்குக் கூட்டிய நாட்களில் சர்க்கரை ஏறும், அதை அளந்து பார்த்துச் சமாளிக்கலாம்.

இப்போது வாந்தி. மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், அந்த மாத்திரை உள்ளே போகவில்லை என்று வைத்துக்கொண்டு, கொஞ்சம் ஆசுவாசமானதும் அதே அளவை மறுபடி கொடுங்கள். வெறும் வயிறு என்று தயங்க வேண்டாம். இரண்டாவது மாத்திரையும் வெளியே வந்துவிட்டதா? மூன்றாவதை முயலாதீர்கள். வாய்வழி இனி முடியாது, ஊசிதான். நிற்காத வயிற்றுப்போக்குக்கும் இதே விதி. மாத்திரை வயிற்றில் தங்கினாலும் குடல் அதை உறிஞ்சியிருக்காது. 'இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம், காலை வரை பார்ப்போம்' என்ற காத்திருப்புதான் நான் பார்த்த பெரும்பாலான மோசமான நிலைகளுக்குக் காரணம்.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய ஊசியின் பெயர் ஹைட்ரோகார்டிசோன் சோடியம் சக்சினேட், 100 மி.கி. கடையில் வாங்கும்போது 'சக்சினேட்' என்ற சொல்லைப் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகார்டிசோன் அசிடேட் என்றும் ஒன்று உண்டு. அது மெதுவாக வேலை செய்வது, இந்த அவசரத்துக்கு உதவாது. சக்சினேட் பொடியாக ஒரு சின்னக் குப்பியில் வரும். அதில் 2 மி.லி. ஊசிக்கான தண்ணீரைச் செலுத்தி, பொடி முழுவதும் கரைந்து தெளியும்வரை மெல்லச் சுழற்ற வேண்டும். பிறகு மொத்தத்தையும் சிரிஞ்சில் இழுத்து, தொடையின் நடுப்பகுதியில் வெளிப்பக்கத் தசையில் நேராகக் குத்திப் போட வேண்டும். அவசரத்தில் துணியின் மேலேயே குத்தலாம். ஒரு முறை செவிலியரின் முன்னால் நீங்களே செய்து பார்த்துவிட்டால் கை பழகிவிடும். குழந்தைகளுக்கு அளவு வேறு: ஒரு வயதுக்குள் 25 மி.கி., ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 50, ஆறு வயதுக்கு மேல் பெரியவர்களைப் போலவே 100.

'தேவையில்லாமல் போட்டுவிட்டால் என்ன ஆகும்?' என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரே ஒரு 100 மி.கி. ஊசியால் கெடுதல் வராது. தேவைப்பட்ட நேரத்தில் போடாமல் விட்டால் உயிர் போகலாம். ஆகவே சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள். போட்டதும் அம்மா தெளிவாகிவிட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்பியே ஆக வேண்டும். அந்த ஊசியின் பலம் சுமார் ஆறு மணி நேரம்தான். அதற்குள் அடுத்த மருந்து தொடங்கியிருக்க வேண்டும், நெருக்கடியைக் கிளப்பிய தொற்றையும் தேட வேண்டும்.

ஊசி கையில் இல்லாவிட்டால் அதைத் தேடி அலையாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மயக்க நிலையில் இருப்பவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம், படுக்க வைத்தே கொண்டு போங்கள். அங்கே முதலில் பார்ப்பவரிடம் 'வாந்தி' என்று ஆரம்பித்தால் வயிற்றுக் கோளாறு வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "ஆறு வருடமாக ஸ்டீராய்டு எடுக்கிறார், இப்போது மாத்திரை தங்கவில்லை. அட்ரினல் நெருக்கடியாக இருக்கலாம், உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. வேண்டும்." எழுதி வைத்த அட்டை ஒன்று பையில் இருந்தால் இன்னும் நல்லது. பதற்றத்தில் மருந்தின் பெயர் யாருக்கும் நினைவுக்கு வராது. அங்கே நடக்க வேண்டியது இதுதான். 100 மி.கி. ஊசி உடனே, முதல் ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு லிட்டர் சலைன், அதன் பிறகு அடுத்த 24 மணி நேரத்தில் 200 மி.கி. ஹைட்ரோகார்டிசோன். அதைத் தொடர்ச்சியாகவும் ஏற்றலாம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.கி.யாகவும் போடலாம். இதயம் அல்லது சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு சலைனின் வேகத்தை மட்டும் மருத்துவர் மாற்றுவார். ரத்தம் எடுத்து அனுப்பலாம், ஆனால் கார்டிசால் ரிப்போர்ட் வரும்வரை ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு மருத்துவர் தயங்கினால், பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

அந்தக் கட்டம் வருமுன் வீட்டில் தெரியும் அடையாளங்கள் இருக்கின்றன. எழுந்து நின்றதும் தலை சுற்றுவது. காய்ச்சலின் அளவுக்குப் பொருந்தாத சோர்வு. வயிற்று வலி. பேச்சில் ஒரு மந்தம், கேட்டதையே திரும்பக் கேட்பது, எந்நேரமும் தூங்கி விழுவது. வீட்டில் பி.பி. கருவி இருந்தால் படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற பிறகு ஒரு தடவை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது எச்சரிக்கை. உட்கார்ந்திருக்கும்போதே 100க்குக் கீழே, குழப்பமும் சேர்ந்திருந்தால், வாந்தி ஒரு தடவைதான் வந்தது என்று எண்ணிக்கொண்டிருக்காமல் ஊசியைப் போடுங்கள். காய்ச்சலை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குப் பெரிய தொற்றிலும் சில நேரம் காய்ச்சல் லேசாகத்தான் அடிக்கும்.

அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, பல் பிடுங்குவது இவற்றுக்கும் சிகிச்சை தொடங்கும் முன்பே ஸ்டீராய்டு எடுப்பதைச் சொல்லிவிட வேண்டும். அவற்றுக்கான அளவுகள் தனி, சம்பந்தப்பட்ட மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபினைடாயின், கார்பமசெபைன் போன்ற சில மருந்துகள் ஸ்டீராய்டை உடலிலிருந்து வேகமாகக் கழித்துவிடும். அவற்றில் ஏதாவது புதிதாகத் தொடங்கினால், 'ஸ்டீராய்டின் அளவு மாற வேண்டுமா?' என்ற கேள்வியை நீங்களே கேளுங்கள்.

முடக்குவாதம் அடங்கி, ஒரு நாள் அம்மாவின் பிரெட்னிசோலோனை நிறுத்தும் பேச்சு வரலாம். அப்போதும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காலையில் ரத்தத்தில் கார்டிசாலை அளந்து, அட்ரினல் விழித்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அது விழிக்க மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். மாத்திரை நின்ற பிறகும், சோதனையில் சரி என்று தெரியும்வரை இந்த விதிகள் எல்லாம் அப்படியே பொருந்தும். நிறுத்தி நான்கு மாதம் ஆன ஒருவர் காய்ச்சலில் சுருண்டு விழுந்தால், 'இப்போது ஸ்டீராய்டு எடுப்பதில்லை' என்று வீட்டார் சொல்வார்கள். பொய் இல்லை, ஆனால் அந்தப் பதிலால் மருத்துவர் தவறான திசையில் போய்விடுவார். "நான்கு மாதத்துக்கு முன்பு வரை எடுத்தார்" என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஊசிக் குப்பி, தண்ணீர், சிரிஞ்ச் மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு, மேலே காலாவதித் தேதியை எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். அம்மா எங்காவது தங்கப் போனால் டப்பாவும் கூடவே போக வேண்டும். அவருடன் இருக்கும் இன்னும் ஒருவருக்காவது ஊசி போடக் கற்றுக்கொடுங்கள். அடுத்த முறை வாந்தி வரும்போது நீங்கள் வெளியூரில் இருக்கலாம்.